கௌரியும் கெளரியும்: வாலட் பெயர்கள் ஒரு சோதனை

எத்திரியம் வாலட்டின் முகவரி 0x என்று தொடங்கி 40 எழுத்தும் எண்ணுமாக நீளும். அதை முழுதாக யாரும் படிப்பதில்லை. முன்னால் நான்கு, பின்னால் நான்கு ஒத்துப்போனால் அனுப்பிவிடுவார்கள். 2024 மே மாதத்தில் அந்தப் பழக்கத்தைக் குறிவைத்து, முனைகள் மட்டும் ஒத்த ஒரு போலி முகவரியை ஒருவரின் பரிவர்த்தனைப் பட்டியலில் நுழைத்தார்கள். அவர் அதை நகலெடுத்து, ஏறக்குறைய 7 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்களை அனுப்பிவிட்டார். பெரும்பகுதி பிறகு திரும்பி வந்தது அவருடைய நல்ல காலம்.

இதற்கு மாற்றாக வந்தது 2017 மே முதல் இயங்கும் எத்திரியம் நேம் சர்வீஸ். நீண்ட முகவரிக்குப் பதில் .eth என்று முடியும் ஒரு பெயர். காரைக்குடியில் உட்கார்ந்து, காசு செலவில்லாத செபோலியா சோதனை வலைப்பின்னலில் பதிவு செய்து பார்த்தேன். பெயரைத் தட்டி, எத்தனை ஆண்டு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் பரிவர்த்தனை பெயரை வெளியே சொல்லாமல் ஒரு மறைகுறியீட்டை மட்டும் பதிகிறது. குறைந்தது 60 வினாடி காத்திருந்த பிறகுதான் இரண்டாவது பரிவர்த்தனையில் பெயர் நமதாகிறது. நாம் கேட்கும் பெயரை இடையில் பார்த்து வேறொருவர் முந்திக்கொள்ளாமல் இருக்கவே இந்தக் காத்திருப்பு. பிறகு வாலட்டில் பெயரைத் தட்டினால் முகவரி தானாக வந்து நிற்கிறது. இந்த வசதியில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

கவலை கட்டணத்தைப் பார்த்தபோது தொடங்கியது. மூன்றெழுத்துப் பெயருக்கு ஆண்டுக்கு 640 டாலர், நான்கெழுத்துக்கு 160, ஐந்தும் அதற்கு மேலும் 5. தமிழிலும் பெயர் வைக்கலாம். ஆனால் கணினி எழுத்தை எண்ணும் விதம் வேறு. நமக்கு ‘காசு’ இரண்டெழுத்து. கணினிக்கு அது க, கால், ச, உகரக் குறி என நான்கு.

இப்போது ‘கௌரி’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஔகாரக் குறி ஒரே குறியீடு என்பதால் மொத்தம் நான்கு, ஆண்டுக்கு 160 டாலர். பலர் தட்டச்சில் செய்வதுபோல் ஒற்றைக் கொம்பும் தனி ளகரமுமாக ‘கெளரி’ என்று எழுதினால் எண்ணிக்கை ஐந்து, விலை 5 டாலர். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பெயர்களைச் சரிபார்க்கும் விதி, லத்தீன் எழுத்துக்கு நடுவே சிரிலிக் எழுத்து நுழைவது போன்ற கலப்பைத் தடுக்கிறது. இங்கே இரண்டுமே முழுத் தமிழ் என்பதால் அந்த வேலியில் சிக்காது. அசல் ஆளைவிடப் போலிக்கு 155 டாலர் மலிவு என்பதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க, பெயரை ஒரு குறிப்புச் செயலியில் ஒட்டி, ரகரத்துக்கு முன் கர்சரை வைத்து ஒருமுறை பின்னழிப்பு விசையை அழுத்துங்கள். அசலில் ‘க’ மிஞ்சும், போலியில் ‘கெ’ மிஞ்சும்.

ஆங்கில எழுத்தில் வைத்தாலும் நமக்கு நிம்மதி இல்லை. karaikudi.eth வேறு, karaikkudi.eth வேறு. மீனாட்சியை meenakshi, meenatchi, minakshi என்று எழுதுகிறோம். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 5 டாலருக்கு யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய தனிப் பெயர். செட்டிநாட்டில் ஏவி.எம். போன்ற விலாச எழுத்துகளை நம்பிப் பணம் கைமாறியதென்றால், அந்த எழுத்துக்குப் பின்னால் எந்த வீடு, எந்தக் கோயில் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. .eth பெயருக்குப் பின்னால் யார் என்று சொல்ல யாரும் இல்லை. வாங்குபவரிடம் அடையாளச் சான்றும் கேட்பதில்லை.

காலாவதியும் ஒரு கண்ணி. ஆண்டுக் கட்டணம் தவறினால் 90 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகு 21 நாள், மிக உயரத்தில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கும் கூடுதல் விலையில் பெயர் விற்பனைக்கு வரும். அதுவும் முடிந்தால் சாதாரண விலைதான். உங்கள் மைத்துனர் புதுப்பிக்க மறந்த பெயரை வேறொருவர் வாங்கித் தன் முகவரியை அதில் ஏற்றிவிட்டால், நீங்கள் பழைய நினைப்பில் அனுப்பும் தொகை அவருக்குத்தான் போகும். இதில் ஏமாற்று வேலைகூடத் தேவையில்லை.

ஆகவே நான் பெயரை மனிதருக்குச் சான்றாக எடுப்பதில்லை. முதல் முறை அனுப்பும்போது, பெயர் எந்த 0x முகவரியாக மாறுகிறது என்பதை விரித்துப் பார்த்து, பெறுபவருக்குப் போன் போட்டு நடுப்பகுதி எழுத்துகளைப் படிக்கச் சொல்லிச் சரிபார்க்கிறேன். பிறகு சிறு தொகை அனுப்பி, வந்துவிட்டது என்று அவர் குரலில் கேட்டபின்தான் மீதி. அந்த முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேமித்துவைத்தால், அடுத்த முறை அதே பெயர் வேறு முகவரியைக் காட்டும்போது மாற்றம் உடனே தெரியும். உறுதிசெய்யும் திரையில் முழு முகவரியையும் காட்டாத வாலட்டை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.