எந்த வேதத்துப் புருஷ சூக்தம்?

வேங்கிக்காலிலோ திருவண்ணாமலையிலோ புதுமனை புகுவிழா, ஹோமம் என்று நடந்தால் புருஷ சூக்தம் பெரும்பாலும் காதில் விழும். ஆயிரம் தலையும் ஆயிரம் கண்ணும் ஆயிரம் காலும் கொண்ட ஒருவனைத் தேவர்கள் வேள்விப் பொருளாக்கினார்கள், அவன் உடலிலிருந்து உலகம் உண்டாயிற்று என்று சொல்லும் பாடல் அது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் 'ரிக் வேதம், பத்தாம் மண்டலம், 90ஆம் சூக்தம்' என்ற பதில் உடனே வரும். பதில் தவறில்லை. ஆனால் அங்கே ஓதப்பட்டது அநேகமாக அந்தப் பாடம் அல்ல.

தமிழ்நாட்டில் வேதம் ஓதுவோரில் பெரும்பான்மையோர் கிருஷ்ண யஜுர் வேதத்தின் தைத்திரீய சாகையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ஓதும் புருஷ சூக்தம் தைத்திரீய ஆரண்யகத்தின் மூன்றாம் பிரச்னம், 12ஆம் அனுவாகத்தில் இருக்கிறது. ரிக் வேதத்தில் 16 மந்திரங்கள்; இங்கே 18. வரிசையும் சற்று மாறுகிறது: ரிக்கில் 15ஆவதாக வருவது இங்கே ஏழாவது. இதை அடுத்த 13ஆம் அனுவாகம் ஆறு மந்திரங்கள் கொண்ட உத்தர நாராயணம். இரண்டையும் நிறுத்தாமல் சேர்த்து ஓதுவதால் கேட்பவருக்கு எல்லாம் ஒரே சூக்தமாகவே படும். சுக்ல யஜுர் வேதத்தின் 31ஆம் அத்தியாயத்தில் இது 22 மந்திரங்களாக நிற்கிறது. அதர்வ வேதத்தின் சௌனக சாகையில் 19ஆம் காண்டம், ஆறாம் சூக்தம், மந்திரங்கள் 16. அங்கே முதல் மந்திரத்தில் ஆயிரம் தலை இல்லை. ஆயிரம் கைகள்தான் இருக்கின்றன.

வேதத்தை மேற்கோள் காட்டப் பழைய மரபு எண்ணை நம்பவில்லை. மந்திரத்தின் முதற்சொல்லைச் சொல்வார்கள். அதற்குப் பிரதீகம் என்று பெயர். 'ஸஹஸ்ரசீர்ஷா' என்றால் போதும், பாடம் படித்தவருக்கு மீதி தானே வந்துவிடும். எண்ணில் ஒரு இலக்கம் பிசகினால் வேறு மந்திரத்துக்குப் போய்விடுவோம். முதற்சொல் பிசகினால் பிசகியது அங்கேயே தெரிந்துவிடும். 1906இல் ஹார்வர்டு வரிசையில் மாரிஸ் புளூம்ஃபீல்டு வெளியிட்ட வேத வரி அகராதியும் இந்த முறையிலேயே அமைந்தது. ஒவ்வொரு வரியையும் அதன் தொடக்கத்தை வைத்து அகரவரிசைப்படுத்தி, அது எந்தெந்த நூலில் எங்கே வருகிறது என்று காட்டியது. இந்த முறையின் பலம் பெரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சொல்பவரும் கேட்பவரும் ஒரே சாகையில் படித்தவர்கள் என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. ஒரே சாகையில் படித்த இருவருக்குள் 'எந்தப் பாடம்' என்ற கேள்வி எழவே எழாது. அதே மேற்கோள் உபன்யாச மேடைக்கும் பத்திரிகைப் பக்கத்துக்கும் வரும்போது அந்தக் கேள்விக்கு விடை தேவைப்படுகிறது, அது கிடைப்பதில்லை.

ஒரு மந்திரத்தைத் தேடிப் பார்ப்போம். இருளுக்கு அப்பால் சூரிய நிறத்தில் இருக்கும் அந்தப் பெரிய புருஷனை நான் அறிவேன் என்று ரிஷி சொல்லும் 'வேதாஹம்' மந்திரம் ரிக் வேதப் புருஷ சூக்தம் என்றே பலமுறை எடுத்தாளப்படுகிறது. ரிக் வேதத்தின் 16 மந்திரங்களையும் படித்துப் பாருங்கள், அது இல்லை. சுக்ல யஜுரில் 31.18. தைத்திரீய ஆரண்யகத்தில் இருமுறை, சிறு பாட வேறுபாட்டுடன்: 12ஆம் அனுவாகத்தில் 16ஆவது மந்திரமாகவும், உத்தர நாராயணத்தில் இரண்டாவதாகவும். இங்கே இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஆரண்யகத்தை மந்திரக் கணக்கில் பிரிக்காமல் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து எண்ணிடும் வழக்கம் உண்டு. ஆகவே பாராயணப் புத்தகத்தில் 16 என்று இருப்பது ஆய்வு நூலில் 3.12.7 ஆகிவிடும். இரண்டும் சரிதான். எந்தக் கணக்கு என்று சொல்லாவிட்டால் தேடுபவர் ஏழாவது மந்திரத்தில் போய் நின்று, மேற்கோளே பொய் என்று முடிவுகட்டுவார்.

சுவேதாசுவதர உபநிடதத்தின் மூன்றாம் அத்தியாயத்திலும் இதே மந்திரம் எட்டாவதாக வருகிறது. அந்த அத்தியாயம் ருத்திரனைப் போற்றுவது. ஆயிரம் தலைகளைச் சொல்லும் முதல் மந்திரமும் அடுத்ததும் அதில் 14, 15ஆக வருகின்றன. உத்தர நாராயணத்தின் கடைசி மந்திரமோ ஹ்ரீயையும் லட்சுமியையும் புருஷனின் துணைவியராகச் சொல்கிறது; அதைக் கொண்டே வைணவர்கள் புருஷன் நாராயணனே என்று நிறுவுகிறார்கள். சைவருக்கும் வைணவருக்கும் தங்கள் பக்கம் உண்மையான சான்று இருக்கிறது. ஆனால் இருவரது சான்றும் ரிக் வேதத்தின் 16 மந்திரங்களுக்கு வெளியே இருக்கிறது. சிவபெருமானின் அக்கினித் தலமான அருணாசலேசுவரர் கோயிலுக்குள்ளேயே வேணுகோபாலனுக்கும் சன்னதி இருக்கும் ஊரில் வாழ்கிற நமக்கு இந்த இரட்டைச் சான்று சங்கடம் தர வேண்டியதில்லை. 'ரிக் வேதமே சொல்லிவிட்டது' என்ற முத்திரை மட்டும் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தாது.

அதிகம் மேற்கோளாவதும் அதிகம் புண்படுத்துவதும் ரிக் வேதக் கணக்கில் 12ஆம் மந்திரம். வாய், கை, தொடை, கால் என்று நான்கு வர்ணங்களையும் சொல்வது அது. சுக்ல யஜுரில் 31.11, அதர்வத்தில் 19.6.6, தைத்திரீயத்தில் 13ஆவது. ரிக் வேதம் முழுவதிலும் நான்கும் ஒருசேர வரும் இடம் இது ஒன்றே. இதைத் தனியாகப் பிய்த்து எடுப்பதுதான் வழக்கம். புருஷனைப் பிரித்தபோது எத்தனையாக வகுத்தார்கள், அவன் வாய் எது, கைகள் எவை என்று 11ஆவது கேட்கிறது. 12ஆவது அதற்கு விடை. 13, 14இல் விடை தொடர்கிறது: மனதிலிருந்து சந்திரன், கண்ணிலிருந்து சூரியன், தலையிலிருந்து வானம், கால்களிலிருந்து பூமி.

கால்களிலிருந்து பூமியும் பிறந்ததால் காலில் இழிவில்லை என்று இந்த 14ஆவதைக் காட்டிப் பலர் சமாதானம் சொல்கிறார்கள். பாடலுக்குள் மட்டும் நின்றால் அது நல்ல வாசிப்புதான். ஆனால் இந்த மந்திரம் பாடலுக்குள் மட்டும் வாழவில்லை. மனு தன் முதல் அத்தியாயத்தின் 31ஆம் சுலோகத்தில் இந்த உறுப்பு வரிசையை எடுத்துக்கொள்கிறார். 92, 93இல் மனிதனுக்கு நாபிக்கு மேல் தூய்மை அதிகம், அதிலும் வாய் மிகத் தூயது, ஆகவே அங்கிருந்து பிறந்தவர் உயர்ந்தவர் என்று முடிக்கிறார். உடம்பை ஏணியாக்கியது அந்த மேற்கோள். 14ஆவதைக் காட்டிச் சமாதானம் சொல்பவர் மனுவைச் சொல்லாமல் விட்டால், அவரும் பிய்த்து எடுப்பவர்தான். 1946இல் 'சூத்திரர்கள் யார்?' நூலை எழுதிய அம்பேத்கர் முதல் அதிகாரத்திலேயே இந்தச் சூக்தத்தை எடுத்துக்கொண்டு, 11, 12ஐ மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டி, அவை ஏன் சட்டமாக மாறின என்று கேட்டார். ஒரு வரியோடு நிற்காமல் பாடலின் அமைப்பையும் அது பெற்ற அதிகாரத்தையும் சேர்த்து விசாரித்த முறை அது.

பூஜையில் இந்த எண்கள் இன்னொரு வேலை செய்கின்றன. பதினாறு உபசாரங்களுக்கும் பதினாறு மந்திரங்களைப் பொருத்தும் பரவலான முறையில் 11ஆவது தூபத்துக்கு, 12ஆவது தீபத்துக்கு. தைத்திரீயப் பாடத்தின் 18ஐ அப்படியே வைத்தால் கணக்கு இடிக்கும்.

புருஷ சூக்தத்தை அச்சிடுவோரிடமும் மேடையில் எடுத்துச் சொல்வோரிடமும் நான் கேட்பது ஒரு வரிச் செலவு. சாகையின் பெயர், மந்திரத்தின் முதற்சொல், எந்தக் கணக்கில் எத்தனையாவது என்ற எண், இம்மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். 12ஆம் அனுவாகம் முடிந்து உத்தர நாராயணம் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். 12ஆம் மந்திரத்தை எடுப்பவர் 11 முதல் 14 வரை முழுதாக எடுத்து, மனு அதை என்ன செய்தார் என்பதையும் கூடவே சொல்லட்டும்.