மூடிய வாய்க்கு இரண்டு ஃபிரேம்

அனிமேஷனில் வாயசைவு பொய்யாகத் தெரிந்தால், பெரும்பாலும் காரணம் திறந்த வாயல்ல, மூட வேண்டிய நேரத்தில் மூடாத வாய். ‘அ’வுக்கும் ‘எ’வுக்கும் வாய் கொஞ்சம் மாறிப்போனாலும் கண் பொறுத்துக்கொள்ளும், ‘ப’, ‘ம’ ஒலிக்கும்போது உதடுகள் ஒட்டாவிட்டால் உடனே பிடித்துவிடும். ரூபார்ப் என்ற இலவசக் கருவி, ஒலிக்கோப்பைக் கேட்டு ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு வாய் வடிவத்தைக் குறித்துத் தரும். A மூடிய உதடு, D அகலத் திறந்த வாய், F குவிந்த வாய் என்று அதன் அட்டவணை போகிறது. இயல்பாக அது ஆங்கிலச் சொற்களைத் தேடும் என்பதால், தமிழ் வசனத்துக்கு `-r phonetic` என்று சொல்லிவிட வேண்டும். அப்போதும் துல்லியம் குறைவுதான்.

“அம்மா, பாப்பா விழுந்துட்டா” என்ற வசனத்தை எடுத்துக்கொள்வோம். வாய் திறப்பதும் இடைவெளியும் ஓரளவு சரியாக வந்துவிடும். ‘ம்ம’, ‘ப்ப’ ஒவ்வொன்றும் ஒரே ஒரு ஃபிரேமில் மின்னி மறையலாம், விட்டும் போகலாம். கையால் அவற்றை இரண்டு மூன்று ஃபிரேமாவது நீட்டி, ஒலிக்கு ஒரு ஃபிரேம் முன்னால் நகர்த்த வேண்டும். இடம் போதாவிட்டால் பக்கத்து உயிரொலியிலிருந்து திருடலாம். ‘ழுந்து’வில் கருவி அடுக்கும் வடிவங்களில் பாதியை நீக்கினால்தான் வாய் படபடக்காது. இதற்கு முழுவதையும் கையாலேயே செய்யலாமே என்பார்கள். ஒற்றை வசனத்துக்குச் சரி. பத்து நிமிடப் பேச்சில் ஒவ்வொரு மௌனத்தையும் தேடிக் குறிப்பது வெறும் குமாஸ்தா வேலை.