ஓரம் நொறுங்கும், சோம்பு கடைசியில் வரும்

கீழ்க்கட்டளையில் வீட்டிலேயே மாலைப் பலகாரம் போட்டு விற்கும் அக்கா ஒருவர், மசால் வடைப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து அதன் கீழே எழுதியிருந்த வரிகள் இவை:

"ஓரம் நொறுங்கும். நடுவுல அரைபடாத கடலைப்பருப்பு பல்லுல மாட்டும். சோம்பு கடைசியிலதான் வரும். வாங்கினதும் கவரைத் திறந்து வச்சிடுங்க."

நான்கே வரிகள். 'சுவையான' இல்லை, 'யம்மி' இல்லை, ஆச்சரியக்குறிகூட இல்லை. படித்ததும் எச்சில் ஊறியது. ஏன் ஊறியது என்று ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தேன்.

"ஓரம் நொறுங்கும்." வடை மொறுமொறுப்பாக இருக்கும் என்று எழுதியிருந்தால் கண் தாண்டிப் போயிருக்கும். தோசைக்கும் முறுக்குக்கும் அப்பளத்துக்கும் எழுதி எழுதி அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. இங்கே அந்த மொறுமொறுப்புக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. உள்ளங்கையில் தட்டிய வடை ஓரத்தில் மெல்லிசாகவும் நடுவில் தடிமனாகவும் இருக்கும். எண்ணெயில் விழுந்ததும் ஓரத்து ஈரம் முதலில் ஆவியாகிப் போய்விடுகிறது, நடுவில் கொஞ்சம் தங்கிவிடுகிறது. ஆகவே நொறுங்குவது ஓரம்தான். நடுப்பகுதி நொறுங்கினால் அந்த வடை கருகும் அளவுக்கு வெந்துவிட்டது என்று பொருள். 'ஓரம்' என்ற ஒரு சொல், வடை பதமாக வெந்திருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது வரிக்குப் பின்னால் சமையற்கட்டில் நடக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, அரைப்பதற்கு முன் ஒரு பிடி பருப்பைத் தனியே எடுத்து வைப்பார்கள். மிச்சத்தைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, எடுத்து வைத்ததை முழுசாகவே கலப்பார்கள். பல்லில் மாட்டுவது அந்த ஒரு பிடிதான். மாவு நைசாகிவிட்டாலோ, தண்ணீர் சேர்ந்துவிட்டாலோ வடை எண்ணெய் குடிக்கும். அப்புறம் எவ்வளவு புகழ்ந்து எழுதினாலும் முதல் கடியிலேயே குட்டு உடைந்துவிடும். வடையைத் தின்றவர்கள், "ஆமா, பருப்பு மாட்டுது" என்று சரிபார்த்துக்கொள்ளக்கூடிய வரி இது. 'அருமை' என்பதை யாரால் சரிபார்க்க முடியும்?

மூன்றாவது வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சோம்பு மாவுக்குள் மறைந்திருக்கிறது. பருப்பின் வாசமும் வெங்காயத்தின் இனிப்பும் முன்னால் நிற்கும். மென்று மென்று விதை நசுங்கிய பிறகுதான் சோம்பின் மணம் மேலே வரும். அக்கா எழுதியிருப்பது வாய்க்குள் நடக்கிற வரிசையிலேயே அமைந்திருக்கிறது: முதலில் ஓரம், பிறகு பருப்பு, கடைசியில் சோம்பு. படிக்கிறவர் கண்ணாலேயே ஒரு வாய் மென்று முடித்துவிடுகிறார்.

கவரைத் திறந்து வைக்கச் சொன்னதும் சுவையைப் பற்றிய பேச்சுதான். சூடான வடையை மூடிக் கட்டினால் நடுவிலிருந்து வரும் ஆவி வெளியே போக வழியில்லாமல் ஓரத்திலேயே படியும். பத்து நிமிடத்தில் நமுத்துவிடும். முதல் வரியில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் நான்காவது வரி.

இந்த வரிகள் எழுத உட்கார்ந்து வந்தவை அல்ல. முதலில் அவர் போட்டிருந்தது, "சூடான சுவையான மசால் வடை ரெடி!" என்பதுதான். கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம் பக்கம் வீட்டுச் சமையல் விற்கிற யார் ஸ்டேட்டஸைத் திறந்தாலும் இதே வரி இருக்கும், வடைக்குப் பதில் பிரியாணி என்றோ அடை என்றோ மாறியிருக்கும். "அக்கா, தின்னா எப்படி இருக்கும்னு சொல்லுங்க" என்று கேட்டேன். "அதை எப்படிச் சொல்றது? ஓரம் நொறுங்கும், நடுவுல பருப்பு மாட்டும்..." என்று சொல்லிக்கொண்டே போனார். "அதையே போடுங்க" என்றேன். நம் வீடுகளில் வாயால் பேசும்போது இப்படிப் பொதுவாகச் சொல்லி நிறுத்தும் குறை இருப்பதே இல்லை. புட்டு பொலபொலவென்று உதிர்ந்தது என்கிறோம், வெண்டைக்காய் கொழகொழத்தது, தாளிப்பு கமறியது, எண்ணெய் சிக்கு வாடை அடித்தது என்கிறோம். எழுத வந்ததும் இவ்வளவும் ஒதுங்கிக்கொள்ள, 'சுவையான' வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இந்தப் பொதுப் புகழ்ச்சியின் விலை என்ன என்பதை ஸ்டான்ஃபோர்டு மொழியியலாளர் டான் ஜுராஃப்ஸ்கி கணக்குப் பார்த்திருக்கிறார். 2014-இல் வந்த தன் நூலில், அமெரிக்க உணவகங்களின் 6,500 மெனுக்களை ஆராய்ந்து எழுதினார். 'டெலிஷியஸ்' போன்ற பொத்தாம்பொதுவான சொற்கள் விலை குறைந்த கடைகளின் மெனுவில்தான் மிகுதி. சொல்வதற்குக் குறிப்பாக ஒன்றும் இல்லாத இடத்தை நிரப்ப அவை வருகின்றன என்பது அவர் கருத்து. நம் அக்காவிடம் சொல்வதற்கு நிறையவே இருந்தது. அதை மறைத்துக்கொண்டு நின்றது 'சுவையான' என்ற ஒரு சொல்தான்.

பொதுச்சொல்லுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில் கூடலூர் கிழார் அந்த இடத்தைக் காட்டுகிறார். புதிதாக மணமானவள் முற்றிய தயிரை விரலால் பிசைகிறாள். பிசைந்த கையை உடையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. அப்படித் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் உண்டு, நன்றாயிருக்கிறது என்ற பொருளில் ஒரே ஒரு சொல் சொல்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அவனுக்கு அந்த ஒரு சொல் போதும், ஏனென்றால் குழம்பு அவன் நாக்கில் இருக்கிறது, சமைத்தவள் எதிரில் இருக்கிறாள். நமக்கு அது போதாது. அதனால்தான் புலவர் விரலையும் புகையையும் புளிப்பையும் முன்னாலேயே நமக்குப் பரிமாறிவிட்டு, அந்தச் சொல்லைக் கடைசியில் வைக்கிறார். 'சூப்பர்' என்பதைச் சமைத்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். படத்தின் கீழே எழுதுவதோ இன்னும் சாப்பிடாதவருக்கு.

இன்னும் சாப்பிடாதவருக்குப் படம் ஏற்கெனவே நிறத்தையும் வடிவத்தையும் காட்டிவிட்டது. பொன்னிற வடை என்று எழுதுவது வீண். படத்தால் காட்ட முடியாத சத்தம், மணம், சூடு, பல்லுக்குத் தெரியும் பதம் இவற்றில் ஒன்றிரண்டு போதும். ஐந்து புலனையும் அடுக்கினால் சமையல் குறிப்பைப் படிப்பதுபோல் அலுப்புத் தட்டும். இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்துவரை எழுத இடம் இருந்தாலும், முதல் வரியைத் தாண்டியதும் மீதி more-க்குப் பின்னால் போய்விடும். ஆகவே நல்ல சொல்லை முதல் வரியிலேயே வைக்க வேண்டும். இல்லாததைச் சொல்லவும் கூடாது. வனஸ்பதியில் செய்த பொங்கலை 'நெய் மணக்க' என்று எழுதினால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த முறை ஒரு தட்டைப் படம் எடுத்தால், எழுதுவதற்கு முன் ஒரு வாய் சாப்பிடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் அது எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதை அப்படியே எழுதிப் போடுங்கள்.