இரண்டு எண்ணிக்கையில் ஓர் இரட்டிப்பு நேரம்

"ஒரு குடுவையில் காலை 10 மணிக்கு மில்லிலிட்டருக்கு 50,000 பாக்டீரியாக்கள் இருந்தன. பிற்பகல் 2 மணிக்கு 1,28,00,000 இருந்தன. அவை இரட்டிப்பாக எவ்வளவு நேரம் ஆகிறது?"

இத்தகைய கணக்கைப் பார்த்திராத மாணவர் இருக்க முடியாது. மேல்நிலைக் கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாடு என்ற தலைப்பிலும், கல்லூரியில் நுண்ணுயிரியல் செய்முறை ஏட்டிலும் எண்கள் மட்டும் மாறி இது திரும்பத் திரும்ப வருகிறது. விடை காணும் வழியும் எளிது. பாக்டீரியா ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். n முறை இரட்டித்தால் எண்ணிக்கை 2ⁿ மடங்காகும். ஆகவே,

n = (log N₂ − log N₁) / log 2

மடக்கை அட்டவணையை எடுத்துக்கொள்வோம். N₂-வின் மடக்கை 7.1072. N₁-இன் மடக்கை 4.6990. வேறுபாடு 2.4082. இதை 0.3010-ஆல் வகுத்தால் 8 கிடைக்கிறது. நான்கு மணி நேரத்தில், அதாவது 240 நிமிடத்தில், 8 இரட்டிப்புகள். எனவே இரட்டிப்பு நேரம் 30 நிமிடம். முழு மதிப்பெண்.

இந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் தவறு ஏதுமில்லை. என் குறை வேறு. இரண்டு எண்ணிக்கைகளைக் கொடுத்து "இரட்டிப்பு நேரம் என்ன?" என்று கேட்கும்போது, விடை அந்தப் பாக்டீரியாவின் இயல்பைச் சொல்வதாக மாணவர் நம்பிவிடுகிறார். உண்மையில் அது, மாதிரி எடுத்தவர் எந்த இரண்டு நேரங்களில் குடுவையைத் திறந்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

இந்த வழி இயற்பியலிலிருந்து வந்த பழக்கமோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. கதிரியக்கப் பொருளின் அரை ஆயுளை இரண்டு எண்ணிக்கைகளிலிருந்து காண்பது முற்றிலும் நியாயமானது. அணுக்கருவுக்குப் பசி இல்லை, இடநெருக்கடி இல்லை, புதிய இடத்துக்குப் பழகவேண்டிய தேவையும் இல்லை. முதல் மணியில் சிதைவதற்கான வாய்ப்பு எவ்வளவோ அவ்வளவே நூறாவது மணியிலும். பாக்டீரியா அப்படியல்ல. பழைய வளர்ப்பிலிருந்து எடுத்துப் புதிய ஊடகத்தில் இட்டதும் அது உடனே பிரியத் தொடங்குவதில்லை. தேவையான நொதிகளைத் தயாரித்துக்கொள்ளச் சிறிது நேரம் பிடிக்கிறது. இது தயக்க நிலை. அதன் பின்பே சீரான வேகத்தில் இரட்டிக்கும் பெருக்க நிலை வருகிறது. உணவு தீர்ந்து, கழிவு மிகுந்தபின் எண்ணிக்கை ஏறாத தேக்க நிலை. பிரான்சின் ழாக் மோனோ 1942-இல் தம் ஆய்வுரையிலும், பின்னர் 1949-இல் ஒரு கட்டுரையிலும் இந்நிலைகளை அளந்து விளக்கியிருக்கிறார். சூத்திரம் செல்லுபடியாவது நடுவிலுள்ள பெருக்க நிலைக்கு மட்டுமே.

அதே குடுவையை மணிக்கொரு முறை திறந்து பார்த்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? எஷ்ஷரிச்சியா கோலை என்னும் குடல் பாக்டீரியா, சத்து மிகுந்த ஊடகத்தில் 37 பாகை செல்சியசில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. அது முதல் 80 நிமிடங்கள் தயங்கிவிட்டு, 11.20-க்குப் பெருகத் தொடங்கியது என்று கொள்வோம். 11 மணிக்கு எண்ணிக்கை அதே 50,000. 12 மணிக்கு இரண்டு இரட்டிப்புகள் முடிந்து 2,00,000. ஒரு மணிக்கு 16,00,000. இரண்டு மணிக்கு 1,28,00,000. தொடக்கமும் முடிவும் வினாவில் உள்ளவையே என்பதைக் கவனியுங்கள்.

இப்போது இணைகளை மாற்றிக் கணக்கிடுவோம். 10 மணியையும் 12 மணியையும் எடுத்துக்கொண்டால் 120 நிமிடத்தில் 2 இரட்டிப்புகள், விடை 60 நிமிடம். 10 மணியும் 1 மணியும் என்றால் 180 நிமிடத்தில் 5, விடை 36 நிமிடம். 10 மணியும் 2 மணியும் என்றால் 30. பன்னிரண்டும் இரண்டும் என்றால் 120 நிமிடத்தில் 6, விடை 20 நிமிடம். செய்முறை வகுப்பு முடிந்துவிட்டது, மறுநாள் காலை 10 மணிக்கு வந்து இரண்டாம் மாதிரியை எடுக்கலாம் என்று ஒருவர் போய்விட்டால்? அதற்குள் குடுவை மில்லிலிட்டருக்கு 100 கோடி அளவில் தேங்கி நின்றிருக்கலாம். 20,000 மடங்கு, அதாவது 14.3 இரட்டிப்புகள். 1,440 நிமிடத்தை அதனால் வகுத்தால் 1 மணி 41 நிமிடம்! குடுவை ஒன்று, பாக்டீரியா ஒன்று, சூத்திரமும் ஒன்று. விடைகள் ஐந்து. கல்லூரிக் கால அட்டவணை பாக்டீரியாவின் இயல்பை முடிவு செய்வது வேடிக்கைதான்.

ஐந்தில் 20 என்பதுதான் பெருக்க நிலைக்குரியது. மற்றவை எல்லாம் அதைவிடப் பெரியவை என்பது தற்செயல் அன்று. தயக்கமும் தேக்கமும் சராசரியில் கலந்தால் இரட்டிப்பு நேரம் நீளவே செய்யும். ஆகவே எண்ணுவதில் பிழையில்லை என்றால், இரண்டு எண்ணிக்கைகளிலிருந்து ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: அந்த இடைவெளியில் ஏதோ ஒரு பகுதியிலாவது பாக்டீரியா இந்த விடையின் வேகத்திலோ அதைவிட வேகமாகவோ பெருகியிருக்கிறது. பால், சமைத்த உணவு முதலியன எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணிப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல. நம் குடுவையில் 30 நிமிடம் என்று நம்பியவர், 3 மணிக்கு எண்ணிக்கை நான்கு மடங்காகும் என்பார். உண்மையில் எட்டு மடங்காகிவிடும். இன்னும் ஒரு மணி கழித்து அவர் 16 மடங்கு என்று எதிர்பார்க்கும்போது 64 மடங்கு ஆகியிருக்கும்.

அப்படியானால் இரண்டு மாதிரிகளையும் பெருக்க நிலைக்குள் மிக அருகருகே எடுத்துவிட்டால் போதாதா? இங்கே இன்னொரு தடை குறுக்கிடுகிறது. பாக்டீரியாவை நாம் நேராக எண்ணுவதில்லை. மாதிரியைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 0.1 மில்லிலிட்டரை அகார் தட்டில் பரப்பி, மறுநாள் தோன்றும் காலனிகளை எண்ணுகிறோம். 100 மடங்கு நீர்த்த தட்டில் 50 காலனிகள் இருந்தால் 50 × 10 × 100 = 50,000. இரண்டாம் மாதிரியை 10,000 மடங்கு நீர்த்து 128 காலனிகள் கண்டால் 1,28,00,000. அந்த 50 என்பது எத்தகைய எண்? அதே நீர்மத்தை வேறொரு தட்டில் பரப்பினால் 44 வரலாம், 57 வரலாம். கைகர் எண்ணியில் பார்க்கும் அதே ஏற்ற இறக்கம் இது. எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 7 கூடவோ குறையவோ இருப்பது இயல்பு.

நான்கு மணி நேர இடைவெளியில் இதனால் பெருந்தீங்கு இல்லை. இரு தட்டுகளின் ஏற்ற இறக்கமும் சேர்ந்து விகிதத்தில் சுமார் 17 விழுக்காடு ஐயத்தைத் தருகின்றன. மடக்கை எடுத்ததும் அது கால் இரட்டிப்பாகச் சுருங்கிவிடுகிறது. 8 இரட்டிப்புகளில் கால் போனால் என்ன? 30 நிமிடத்தில் ஒரு நிமிட ஐயம், அவ்வளவே. ஆனால் 20 நிமிட இடைவெளியில் 50, 100 என்று எண்ணினால் அதே கால் இரட்டிப்பு ஐயம் ஒரே ஓர் இரட்டிப்பின் மேல் வந்து உட்காருகிறது. விடை 16 நிமிடமாகவும் இருக்கலாம், 27 நிமிடமாகவும் இருக்கலாம். நெருங்கி எடுத்தால் எண்ணும் பிழை, விலகி எடுத்தால் நிலை மாற்றம். இந்த இழுபறியைப் பற்றி நம் பயிற்சிக் கணக்குகள் ஒரு சொல்லும் சொல்வதில்லை என்பதே என் முக்கியக் குற்றச்சாட்டு. நீர்த்தலை ஒருமுறை கூடுதலாகவோ குறைவாகவோ குறித்துவிட்டால் 3.3 இரட்டிப்புகள் பிசகும் என்பதும் நினைவிலிருக்கட்டும். 30 நிமிடம் 21 ஆகவோ 51 ஆகவோ மாறி நிற்கும். அது கண்ணை உறுத்தாத எண்ணாக இருப்பதுதான் ஆபத்து.

குடுவையை விட்டு நம் சமையலறைக்கு வந்தால் சிக்கல் இன்னும் சுவையாகிறது. கிரைண்டருக்குப் பேர்போன கோவையில், இரவு ஆட்டி வைத்து விடியலில் பொங்கி நிற்கும் இட்லி மாவைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? மாவைப் பொங்க வைப்பதில் லூகோனோஸ்டாக் மீசென்டராய்டிஸ் என்னும் பாக்டீரியாவின் பங்கை முகர்ஜி, ஸ்டெய்ன்கிராஸ் முதலிய ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்டார்கள். புளிப்பை உண்டாக்குவதில் அதனோடு வேறு பாக்டீரியாக்களும் சேர்கின்றன என்றும் கண்டார்கள். ஆகவே இரவு 8 மணிக்கும் காலை 6 மணிக்கும் மாவை எடுத்து, எல்லாம் வளரும் அகாரில் காலனிகளை எண்ணி இரட்டிப்பு நேரம் கண்டால், அது எந்தப் பாக்டீரியாவின் நேரம்? ஒன்று ஓங்க மற்றொன்று பின்தங்கும் கூட்டத்துக்கு ஒரே இரட்டிப்பு நேரம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. மாவு பொங்குகிறது! வாயு நிறைந்து கொள்ளளவு இரு மடங்கானால், ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் மாவு பாதியாகிறது. மில்லிலிட்டர் கணக்கில் எண்ணியவர் ஓர் இரட்டிப்பையே தொலைத்துவிடுகிறார். 600 நிமிடத்தில் உண்மையாக 10 இரட்டிப்புகள் நடந்திருந்தால் அவருக்கு 9 மட்டுமே தெரியும். 60 நிமிடம் என்பது 67 ஆகும். எனவே மாவைக் கிராம் கணக்கில் நிறுத்தே எடுக்கவேண்டும். லூகோனோஸ்டாக் இணையாகவும் சங்கிலியாகவும் கோத்திருக்கும் இயல்புடையது. நான்கு கண்ணிச் சங்கிலியும் தட்டில் ஒரே காலனிதான். முதல் மாதிரியில் சராசரியாக நான்கு கண்ணிகளும், நன்றாகக் குலுக்கிய இரண்டாம் மாதிரியில் இரண்டு கண்ணிகளும் இருந்தால், ஒரு செல்கூடப் பிரியாமலே ஓர் இரட்டிப்பு நடந்ததாகத் தட்டு சொல்லும். இரு முறையும் ஒரே அளவு குலுக்கினால் இந்தப் பிழை பெரும்பாலும் விகிதத்தில் அடிபட்டுவிடும். மார்கழிக் குளிரில் மாவு தாமதமாகப் பொங்குவதை அறியாதவர் இங்கு யார்? மாவின் வெப்பநிலையைக் குறிக்காத இரட்டிப்பு நேரம் பாதி விடைதான்.

செய்யக்கூடியது கடினமானதன்று. அரைமணிக்கு ஒருமுறை ஏழெட்டு மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டுகள், 30 முதல் 300 வரை காலனிகள் உள்ள தட்டுகளையே கணக்கில் கொள்வது. பின்பு எண்ணிக்கையின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால், தொடக்கத்தில் கிடைமட்டமாகக் கிடக்கும் புள்ளிகளும் இறுதியில் வளைந்து சாயும் புள்ளிகளும் தாமே விலகித் தெரியும். நடுவில் நேர்க்கோட்டில் அமையும் புள்ளிகளுக்கு மட்டும் கோடு வரைந்து, மடக்கை 0.3010 உயர எத்தனை நிமிடம் ஆகிறது என்று படித்தால் அதுவே இரட்டிப்பு நேரம். கோட்டில் இரு புள்ளிகளே இருந்தால் அது நேர்க்கோடா என்று சோதிக்க வழியே இல்லை. எந்த இரு புள்ளிகளையும் ஒரு நேர்க்கோடு இணைத்துவிடும் அல்லவா?

இரண்டு மாதிரிகளுக்கு மேல் எடுக்க வசதியில்லாத கல்லூரிகள் உண்டு. அங்கே வினாவைக் கொஞ்சம் திருத்திக் கேட்கலாம்: "இந்த நான்கு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை இரட்டிப்புகள் நடந்தன? இதிலிருந்து இரட்டிப்பு நேரம் கூற வேண்டுமானால் வேறு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?" முதற்பகுதிக்கு மடக்கை அட்டவணை விடை சொல்லும். இரண்டாம் பகுதிக்கு மாணவர் குடுவையையே நினைத்துப் பார்க்கவேண்டியிருக்கும்.