ஈயத்தின் கண்டறியும் எல்லை: கோடு சொல்வதில் எதை நம்பலாம்?

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம் IS 10500. அந்த வரம்பைச் சரிபார்க்கும் ஆய்வகம், தன் கருவி எவ்வளவு குறைந்த ஈயத்தை நம்பகமாகக் காணும் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அதற்குப் பலரும் கையாளும் சூத்திரம் இது:

```
LOD = 3.3 × s / b
```

b என்பது அளவுத்திருத்தக் கோட்டின் சாய்வு. s என்பது இரைச்சலின் திட்ட விலக்கம். இரைச்சலை ஈயம் என்று தவறாகச் சொல்வதற்கு 5 சதவீதம், இருக்கும் ஈயத்தைத் தவறவிடுவதற்கு 5 சதவீதம் என இடம்விட்டால், 1.645 இருமுறை சேர்ந்து ஏறத்தாழ 3.3 ஆகிறது. சூத்திரத்தில் குறையில்லை. s எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சிக்கல்.

கிராஃபைட் உலை அணு உறிஞ்சல் கருவியில் 0, 10, 20, 30, 40, 50 மைக்ரோகிராம் திட்டக் கரைசல்களை வைத்து ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒளி உறிஞ்சல் முறையே 0.002, 0.064, 0.123, 0.179, 0.231, 0.278. எக்செலில் `LINEST` தரும் சாய்வு 0.00553, R² 0.998. கோட்டைச் சுற்றிய எச்சங்களின் திட்ட விலக்கம் 0.0056. கண்டறியும் எல்லை 3.4 மைக்ரோகிராம் என வருகிறது. R² அழகாக இருப்பதால் பெரும்பாலும் இத்துடன் கணக்கை மூடிவிடுவார்கள்.

ஆனால் எச்சங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் இரு முனைகளிலும் எதிர்க்குறி, நடுவில் நேர்க்குறி. இரைச்சல் இப்படி ஒழுங்காக வளையாது. செறிவு கூடக்கூட கருவியின் பதில் தளர்கிறது. அந்த வளைவின் மேல் நேர்கோட்டைத் திணித்திருக்கிறோம். ஈயமே சேர்க்காத வெற்றுக்கரைசலின் 0.002-ஐ இதே கோட்டில் திருப்பிப் படித்தால் செறிவு கழித்தல் 1 மைக்ரோகிராம். இந்த ஒரு சோதனையே கோட்டைப் பிடித்துக் கொடுத்துவிடும். ஆக, இங்கே s அளப்பது இரைச்சலை அன்று, வளைவை.

சிலர் s-க்குப் பதிலாக வெட்டுத்துண்டின் திட்டப் பிழையை எடுக்கிறார்கள். மருந்துத் துறையின் ICH Q2 வழிகாட்டியிலும் வெட்டுத்துண்டு சார்ந்த வழிக்கு இடமுண்டு. இதே கோட்டில் அது 0.0041, எல்லை 2.4 ஆகக் குறைகிறது. வெட்டுத்துண்டு எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து தரும் மதிப்பு. புள்ளிகளைக் கூட்டினாலே அதன் பிழை சுருங்கும். ஒற்றை மாதிரியை ஒருமுறை அளக்கையில் வரும் தடுமாற்றம் அதனால் சுருங்காது. ஆகவே இந்த எண் கருவியைத் தகுதிக்கு மேல் உயர்த்திக் காட்டுகிறது.

சரியான வழி, எல்லைக்கு அருகிலேயே கோடு போடுவது. 0 முதல் 5 வரை ஒவ்வொரு மைக்ரோகிராமுக்கும் ஒரு கரைசல்: உறிஞ்சல் 0.001, 0.010, 0.013, 0.022, 0.026, 0.035. சாய்வு 0.00649, s 0.0016, எல்லை 0.83 மைக்ரோகிராம். எச்சங்கள் மாறி மாறி மேலும் கீழும் விழுகின்றன. வளைவின் தடம் இல்லை. R² மட்டும் 0.986-க்கு இறங்கிவிட்டது. கோட்டின் வீச்சு குறுகினால் R² இறங்குவது இயல்பு. R²-ஐ அளவுகோலாகக் கொண்டவர் முதல் கோட்டைத் தேர்ந்து, நான்கு மடங்கு மோசமான எல்லையை வெளியிட்டிருப்பார்.

இந்த 0.83-ஐயும் அப்படியே அறிக்கையில் ஏற்ற முடியாது. ஆறு புள்ளிகளில் இரண்டைச் சாய்வும் வெட்டுத்துண்டும் எடுத்துக்கொள்ள, s-க்கு மிஞ்சுவது நான்கு கட்டின்மை அளவுகள். அவற்றைக் கொண்டு 95 சதவீத நம்பிக்கையோடு சொன்னால், உண்மையான s நாம் கண்டதில் 0.6 மடங்கிலிருந்து 2.9 மடங்கு வரை எங்கும் இருக்கலாம். எல்லை 0.5-ஆகவும் இருக்கலாம், 2.4-ஆகவும் இருக்கலாம். மேலும் திட்டக் கரைசல்கள் தூய நீரில் செய்தவை. குழாய் நீரின் உப்பும், அமிலத்தில் செரிக்கும்போது பாத்திரத்திலிருந்து கசியும் ஈயமும் இந்தக் கோட்டில் இல்லை.

ஆகவே என் முடிவு: குறுகிய வீச்சுக் கோட்டின் எச்ச விலக்கத்திலிருந்து வரும் எல்லை நல்ல முன்மதிப்பீடு, இறுதி எண் ஆகாது. அது சொல்லும் செறிவுக்குச் சற்று மேலே, 2 மைக்ரோகிராம் ஈயம் சேர்த்த குழாய் நீரை ஏழு தனி மாதிரிகளாகச் செரித்து அளக்க வேண்டும். அவற்றின் திட்ட விலக்கத்தை 3.143-ஆல் பெருக்குவது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் முறையில் உள்ள கணக்கு. அந்த எண் 1.5 என வந்தால் வெளியிட வேண்டியது 1.5-தான், 0.83 ஆய்வகக் குறிப்பேட்டோடு நிற்கட்டும். அகன்ற கோட்டிலிருந்தோ வெட்டுத்துண்டின் பிழையிலிருந்தோ வந்த எல்லையை, R² எவ்வளவு உயர்ந்திருந்தாலும், ஏற்கக் கூடாது.