ஆறிலிருந்து வீட்டைப் பார்க்கும் செவ்வாய்

கட்டத்தைப் பார்த்த ஜோசியர் "லக்னாதிபதி மறைஞ்சுட்டாரே" என்று குரலைத் தாழ்த்தினால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அப்போதே உடம்பு தளர்ந்துவிடும். எனக்கோ கணக்கின் ருசி அங்கேதான் தொடங்குகிறது.

ஜோதிட வழக்கில் லக்னம் உடம்பு; அதன் அதிபதி உடம்பை நடத்தும் தெம்பு. அவர் 6, 8, 12இல் இருப்பதை ஏன் மறைவு என்கிறார்கள்? எல்லாக் கிரகங்களுக்கும் ஏழாம் பார்வை உண்டு. ஆறில் இருப்பவர் பன்னிரண்டையும், எட்டில் இருப்பவர் இரண்டையும், பன்னிரண்டில் இருப்பவர் ஆறையும் பார்க்கிறார். லக்னம் யார் கண்ணிலும் படுவதில்லை. குருவுக்குரிய 5, 9ஆம் பார்வைகளையும், சனிக்குரிய 3, 10ஆம் பார்வைகளையும் போட்டுப் பாருங்கள், அவையும் எட்டாது. வீட்டுக்காரரே தன் வீட்டைப் பார்க்க முடியாத நிலை இது. தெம்பு ஆறில் நோயோடும் பகையோடும் மல்லுக்கட்டுவதில் கரைகிறது. எட்டில் வெளியே தெரியாத நாட்பட்ட உபாதையில். பன்னிரண்டில் கெட்ட தூக்கத்திலும் விரயத்திலும்.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. செவ்வாய்க்கு 4, 8ஆம் பார்வைகள் உண்டு. ஆறிலிருந்து எட்டாவது வீட்டை எண்ணினால் லக்னம்! விருச்சிக லக்னத்துக்கு ஆறாமிடம் மேஷம். அதுவும் செவ்வாயின் சொந்த வீடே. அங்கே ஆட்சியாக அமர்ந்து, எட்டாம் பார்வையால் விருச்சிகத்தை அவர் பார்க்கிறார். இப்படிப்பட்டவருக்குக் காய்ச்சலும் காயமும் வராது என்றில்லை; வந்தாலும் சண்டை போட்டு எழுந்துவிடுவார் என்று வாசிப்பார்கள். மேஷ லக்னக்காரருக்குச் செவ்வாய் எட்டாமிடமான விருச்சிகத்தில் இருந்தாலும் ஆட்சிதான். ஆனால் அங்கிருந்து பார்வை 11, 2, 3ஆம் வீடுகளுக்குப் போய்விடுகிறது. எட்டுக்குடையவர் எட்டிலேயே இருப்பதால் ஆயுள் உண்டு; அன்றாடத் தெம்புக்கு அந்த உறுதி இல்லை.

விருச்சிகக்காரரின் அந்த ஜன்னலும் சாத்தப்படலாம். சித்திரை மாதத்தில், பொழுது சாய்ந்து இரண்டொரு மணி நேரத்தில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மேஷத்தில் சூரியனும் உச்சமாக இருப்பார். செவ்வாய் அவருக்கு 17 பாகைக்குள் வந்தால் அஸ்தங்கம். கட்டத்தில் ஆட்சி என்று எழுதியிருந்தாலும் ஒளி மங்கிய ஆட்சி அது. இன்னொன்று அம்சம். மேஷத்தில் முதல் 3 பாகை 20 கலைக்குள் இருக்கும் செவ்வாய் அம்சத்திலும் மேஷமே, வர்க்கோத்தமம். அதே செவ்வாய் 11 பாகையில் நின்றால் அம்சத்தில் கடகம். அது அவருக்கு நீச வீடு. ராசிக் கட்டம் இரண்டுக்கும் ஒன்றேதான். முதலாமவரைப் பார்த்து ஜோசியர் நிமிர்ந்து உட்காருவார். இரண்டாமவருக்குச் செவ்வாய் திசை எந்த வயதில் வருகிறது என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்.