261 கேள்விகளில் உங்களுக்கு எத்தனை வேண்டும்?

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடும் கணக்கு மென்பொருளை விட்டுவிட்டு கிளவுடுக்கு மாற முடிவு செய்தது. இரண்டு சேவைகள் கடைசிச் சுற்றுக்கு வந்தன. எதை நம்பலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. அதற்கு நான் எடுத்துக்கொண்ட கருவி, கிளவுட் செக்யூரிட்டி அலையன்ஸ் அமைப்பு இலவசமாகத் தரும் ‘சிஏஐக்யூ’ கேள்வித்தாள். அதன் நான்காம் பதிப்பைத்தான் இங்கே விமர்சிக்கிறேன்.

அது ஒரு எக்செல் கோப்பு. 17 பிரிவுகள், 261 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சேவை தருபவர் ஆம், இல்லை, பொருந்தாது என்று பதில் தர வேண்டும். கேள்வியில் வரும் பாதுகாப்பு யார் பொறுப்பு, சேவை தருபவருடையதா, வாடிக்கையாளருடையதா, இருவருடையதுமா என்பதற்குத் தனிப் பத்தி இருக்கிறது. இந்தக் கோப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பத்திதான். பாஸ்வேர்டு, பயனர் அனுமதி போன்றவற்றில் ‘வாடிக்கையாளர்’ என்று வரும் வரிகளை மட்டும் வடிகட்டினால், கம்பெனி தானே செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் கைக்கு வந்துவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. பல நிறுவனங்கள் நிரப்பிய கேள்வித்தாளை அந்த அமைப்பின் ‘ஸ்டார்’ பதிவேட்டில் பொதுவில் வைத்திருக்கின்றன. நம் இரண்டு சேவைகளில் ஒன்று அங்கே இருந்தது; கேட்காமலேயே இறக்கிக்கொள்ள முடிந்தது. மற்றதன் விற்பனைப் பிரிவுக்குக் கோப்பை அனுப்பினேன். எங்களைப் போன்ற சின்ன வாடிக்கையாளருக்கு இவ்வளவு நீளக் கேள்வித்தாளை நிரப்பித் தர இயலாது என்று பதில் வந்தது. சிறு கம்பெனிகள் எதிர்பார்க்க வேண்டிய பதில்தான் அது.

கிடைத்த கோப்பைப் படித்தபோது கருவியின் பெரிய குறை தெரிந்தது. DSP-19.1 என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். தரவு எங்கே வைக்கப்படுகிறது, எங்கே பேக்கப் ஆகிறது என்பதைக் குறித்து வைக்க நடைமுறை இருக்கிறதா என்று அது கேட்கிறது. பதில்: ஆம். எங்கே என்ற விவரம் அதில் இல்லை. கேள்வி அதைக் கேட்கவும் இல்லை. BCR-08.1, தரவு அவ்வப்போது பேக்கப் ஆகிறதா என்கிறது. அதற்கும் ஆம். இரண்டும் பொய்யில்லை; நமக்குப் பயனும் இல்லை.

காரணம், நம் சட்டம் இதைவிடக் குறிப்பாகப் பேசுகிறது. 2014-ஆம் ஆண்டின் கம்பெனிகள் (கணக்குகள்) விதிகளின் 3-ஆம் விதிப்படி, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அது தினமும் எடுக்கப்பட வேண்டும். சேவை தருபவரின் பெயர், ஐபி முகவரி, இருப்பிடம் ஆகியவற்றை ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்யும்போது கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஆகவே கேள்வியை நானே மாற்றி எழுதி மெயிலில் கேட்டேன்: ‘பேக்கப் சர்வர் எந்த நகரத்தில் இருக்கிறது? தினமும் எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? கடைசியாக அதிலிருந்து மீட்டெடுத்துச் சோதித்தது எப்போது?’

‘ஆம்’ என்று எழுதியிருந்த நிறுவனத்தின் பதில் இது: முதன்மை சர்வர் மும்பை, பேக்கப் சிங்கப்பூர். கேள்வித்தாள் நிரப்ப மறுத்த நிறுவனமோ இரண்டுமே இந்தியாவில்தான் என்று நகரப் பெயர்களுடன் எழுதியது. மீட்டெடுப்பைப் பற்றி இருவர் சொன்னதும் ஒன்றுதான். முழு சர்வரும் விழுந்தால் மீட்பார்கள். உங்கள் கணக்காளர் தவறுதலாக ஒரு மாத வவுச்சர்களை அழித்தால், உங்கள் கம்பெனி கணக்கை மட்டும் நேற்றைய நிலைக்குத் திருப்பித் தர மாட்டார்கள். ‘பேக்கப் இருக்கிறது’ என்றால் இந்த இரண்டாவது உதவியும் கிடைக்கும் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். அது கிடைக்காது என்றால் வாரம் ஒருமுறையாவது நாமே எக்ஸ்போர்ட் எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது, இந்தக் கேள்வித்தாள் குறிப்பாகக் கேட்காத இடம்: கணக்குப் பதிவுகளின் எடிட் லாக். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் கம்பெனிகள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்கிற, அணைத்துவைக்க முடியாத மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆடிட்டர் தன் அறிக்கையில் இதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கூட்டாண்மை, தனி உரிமையாளர் தொழில்களுக்கு இந்த விதி இல்லை.

இதைக் கேட்பதைவிடச் சோதித்துவிடலாம். இலவச டிரையல் கணக்கில் ₹18,400-க்கு ஒரு கொள்முதல் பில் போட்டேன். தொகையை ₹14,800 ஆக்கினேன், தேதியை முந்தைய மாதத்துக்கு மாற்றினேன், பிறகு பில்லையே அழித்தேன். இரண்டு சேவைகளிலும் பழைய தொகை, புதிய தொகை, பயனர் பெயர், நேரம் எல்லாம் பதிவாகியிருந்தன. அடுத்து, பத்து பில்களை எக்செலில் திருத்தி மொத்தமாக இம்போர்ட் செய்தேன். அங்கேதான் வித்தியாசம் தெரிந்தது. ஒன்றில் பில் வாரியாகத் திருத்தங்கள் வந்தன. மும்பை–சிங்கப்பூர் நிறுவனத்தின் லாகில் ‘System’ என்ற பெயரில் ஒரே ஒரு வரி. யார், எந்த பில்லை, எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு மாற்றினார்கள் என்பது இல்லை. ஆடிட்டர் கேள்வி எழுப்பும் இடம் அதுதான்.

மூன்றாவது, வெளியேறும் வழி. இதில் சிஏஐக்யூ நன்றாகவே கேட்கிறது. ஒப்பந்தம் முடிந்தபின் தரவு எந்த வடிவில் கிடைக்கும், எத்தனை காலம் வைத்திருப்பீர்கள், எப்படி அழிப்பீர்கள் என்று IPY-04.1 ஒன்றே எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறது. கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கும் கடமை நமக்கு இருப்பதால், இந்தக் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டேன். டிரையலில் ‘எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்’ பட்டனை அழுத்தியும் பார்த்தேன். இரண்டிலும் லெட்ஜர் வந்தது. இணைத்து வைத்த பில் படங்கள் ஒன்றில்தான் வந்தன. எடிட் லாக் இரண்டிலுமே அந்தக் கோப்பில் இல்லை. தனியாக, தேதி வாரியாக இறக்க வேண்டியிருந்தது.

மதிப்பெண் போடும்போதும் கவனம் தேவை. பலரும் ‘ஆம்’களைக் கூட்டிச் சதவீதம் போடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் மும்பை–சிங்கப்பூர் நிறுவனம்தான் ஜெயித்திருக்கும்; பேக்கப் இடமும் எடிட் லாகும் நூற்றுக்கணக்கான ‘ஆம்’களில் கரைந்துபோயிருக்கும். நான் மூன்றை மட்டும் வாசல் கேள்விகளாக வைத்தேன்: இந்தியாவில் தினசரி பேக்கப், முழுமையான எடிட் லாக், வெளியேறும்போது தரவு. ஒன்றில் தவறினாலும் விலை பேசுவதில்லை. கம்பெனி மற்ற சேவையைத் தேர்ந்தெடுத்தது.

என் தீர்ப்பு: பாதுகாப்புக்கெனத் தனி ஆள் உள்ள பெரிய நிறுவனத்துக்கு முழு சிஏஐக்யூ பயன்படும். சிறு கம்பெனி அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு கேள்விகளை எடுத்து, ‘இருக்கிறதா’ என்பதை ‘எங்கே, எப்போது, காட்டுங்கள்’ என்று மாற்றினால் போதும். சிறு திட்டங்களில் ஒப்பந்த வாசகத்தை மாற்றித் தர மாட்டார்கள். ஆகவே பதில்களை மெயிலில் வாங்கி, பிடிஎஃப் ஆக்கி ஆடிட்டரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். சர்வர் இடம் சொல்லாமல் மாறக்கூடியது. ஒவ்வோர் ஆண்டும் பதிவாளருக்குத் தாக்கல் செய்வதற்கு முன் அந்த ஒரு கேள்வியையாவது மறுபடி கேட்டு வாங்குங்கள்.